தமிழர்களின் ஆங்கிலப் பிழைகள்: பத்து ஸ்லைடுக்குள் எதை வைப்பது, எதை விடுவது

"தமிழர்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது செய்யும் பிழைகளை வைத்து பத்து ஸ்லைடு கேரசல் ஒன்று தயார் செய்கிறேன். ஒவ்வொரு ஸ்லைடிலும் ஒரு தவறான வாக்கியம், கீழே திருத்திய வாக்கியம். இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. எவற்றை எடுக்கலாம்? எப்படி எழுதினால் பார்ப்பவருக்கு உண்மையிலேயே பயன்படும்?"

அந்தப் பட்டியல்கள் ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம், அவற்றில் பாதி தமிழர் பிழைகளே அல்ல. 'ப்ரீபோன்', 'டூ தி நீட்ஃபுல்', 'பாஸ்டு அவுட்', 'ரிவர்ட் பேக்' என்று வருபவை எல்லாம் இந்திய அலுவலக ஆங்கிலத்தில் புழங்குபவை. இந்தி பேசுபவரும் வங்காளியும் அவற்றை நம்மைப் போலவே எழுதுகிறார்கள். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்காக நீங்கள் செய்வதென்றால், தமிழ் வாக்கியத்தின் அமைப்பு அப்படியே ஆங்கிலத்துக்குள் போய் உட்கார்வதால் வரும் பிழைகளை எடுங்கள். தமிழர்கள் எழுதும் மின்னஞ்சல், அறிக்கை, வேலை விண்ணப்பம் ஆகியவற்றைத் திருத்துவது பல வருடங்களாக என் பிழைப்பு. அதில் நான் பார்த்தவரை இந்த வகைப் பிழைகள் ஏழெட்டுதான் இருக்கும். ஆனால் யார் எழுதினாலும் அவையே திரும்பத் திரும்ப வரும். அவற்றிலும் பெரும்பங்கு ஒரே இடத்தில் நிகழ்கிறது: வினைச்சொல் காட்டும் காலத்தில். அதனால் அதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன். மற்றவை சுருக்கமாக.

நீங்கள் நிச்சயம் எடுக்கப்போகும் ஸ்லைடிலிருந்தே தொடங்குகிறேன்.

```
✗ I am working here since two years.
✓ I have been working here for two years.
```

திருத்தம் சரி. ஸ்லைடு வேலை செய்யாது. மேலே உள்ள வாக்கியத்தில் இரண்டு பிழைகள் சேர்ந்திருக்கின்றன. பார்ப்பவர் ஒன்றைத்தான் பிடித்துக்கொள்வார். 'சின்ஸ்' என்பதை 'ஃபார்' என்று மாற்ற வேண்டும் என்பது கண்ணுக்குச் சட்டென்று தெரியும். வினை மாறியிருப்பது தெரியாது. இதைக் கற்றுக்கொண்டவர் அடுத்த விண்ணப்பத்தில் இப்படி எழுதுவார்:

```
I am working here for two years.
```

இது முந்தையதைவிட மோசம். முந்தையது பிழையாக இருந்தாலும் பொருள் புரிந்தது. இதைப் படிக்கும் வெளிநாட்டு மேலாளர், 'இரண்டு வருட ஒப்பந்தத்தில் இங்கே வேலை பார்க்கிறார் போலிருக்கிறது' என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. 'ஐ ஆம் ஹியர் ஃபார் டூ வீக்ஸ்' என்று ஒருவர் சொன்னால், மொத்தம் இரண்டு வாரம் தங்கப்போகிறார் என்றுதானே பொருள்? அதே அமைப்புதான் இதுவும். இலக்கணப் பிழையைத் திருத்தப்போய் பொருள் பிழையில் முடிகிறது. எனவே இந்த ஒரு ஸ்லைடை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றில் வினையைத் தொடாமல் சின்ஸும் ஃபாரும் மட்டும். அடுத்ததில் வினை மட்டும்.

முதலாவது எளிது. தமிழிலேயே அந்த வேறுபாடு இருக்கிறது என்பதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. 'இரண்டு வருடமாக' என்கிறோம், '2021இலிருந்து' என்கிறோம். இவ்வளவு நேரம் என்று நீளத்தைச் சொன்னால் 'ஆக' வருகிறது. இந்தப் புள்ளியில் தொடங்கியது என்றால் 'இருந்து' அல்லது 'முதல்' வருகிறது. 'ஆக' வரும் இடத்தில் ஃபார், 'இருந்து' வரும் இடத்தில் சின்ஸ். பேச்சில் 'ரெண்டு வருஷமா' என்று 'க' தேய்ந்துபோனாலும் அது 'ஆக'தான். 'சின்ன வயசுலேர்ந்து' என்றால் 'இருந்து'தான். ஸ்லைடில் ஆங்கில வாக்கியங்களுக்கு மேலே இந்தத் தமிழ் வாக்கியத்தைச் சிறிய எழுத்தில் போட்டு, 'ஆக' என்ற இரண்டெழுத்துக்கு மட்டும் வேறு நிறம் கொடுங்கள். பார்ப்பவர் புதிய விதி எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஏற்கெனவே நாக்கில் இருக்கும் விதியைக் காட்டுகிறீர்கள், அவ்வளவுதான்.

இந்த வழி தவறும் இடங்கள் உண்டு. 'நாளையிலிருந்து வருகிறேன்' என்பதில் 'இருந்து' இருக்கிறது, ஆனால் சின்ஸ் வராது. சின்ஸ் என்பது கடந்துபோன ஒரு புள்ளியில் தொடங்கி இன்றுவரை நீள்வதற்கு மட்டுமே. எதிர்காலத்துக்கு 'ஃப்ரம்' போட வேண்டும். 'திங்கள் முதல் வெள்ளி வரை' என்று 'வரை'யும் கூட வந்தாலும் ஃப்ரம்தான். இன்னொன்று, கூர்மையான வாசகர் ஒருவர் கட்டாயம் கேட்பது:

```
✓ It has been two years since I joined.
```

இங்கே இரண்டு வருடமும் சின்ஸும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றனவே, இது மட்டும் எப்படிச் சரி என்பார். சின்ஸுக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். 'நான் சேர்ந்தது' என்ற புள்ளி நிற்கிறது. இரண்டு வருடம் முன்னால் நிற்பது. விதி உடையவில்லை. 'இரண்டு வருடத்துக்கு சின்ஸ் போடக்கூடாது' என்று மொட்டையாக எழுதினால்தான் உடையும். அதனால் 'சின்ஸுக்குப் பின்னால் தேதியோ நிகழ்ச்சியோ வரும்' என்று எழுதுங்கள்.

இரண்டாவது ஸ்லைடு, வினை. இதுதான் கடினம். 'இங்கே வேலை செய்கிறேன்', 'இரண்டு வருடமாக இங்கே வேலை செய்கிறேன்' என்ற இரண்டு வாக்கியத்திலும் நமக்கு ஒரே 'செய்கிறேன்'. இன்றைக்கு நடப்பதற்கும், முன்பே தொடங்கி இன்றுவரை நீள்வதற்கும் தமிழ் நிகழ்காலம் ஒன்றே போதும். ஆங்கிலம் அந்த இரண்டையும் பிரிக்கிறது. நீளம் சொல்லாதவரை 'ஆம் வொர்க்கிங்', நீளம் சொன்ன உடனே 'ஹேவ் பீன் வொர்க்கிங்'. இதற்கும் தமிழில் ஒரு கைப்பிடி உண்டு: 'செய்து வருகிறேன்'. 'இரண்டு வருடமாக இங்கே பணியாற்றி வருகிறேன்' என்று விண்ணப்பத்தில் நாமே எழுதுவோம். நீளம் குறிப்பிட்ட வாக்கியத்தில் 'செய்கிறேன்' என்பதை எடுத்துவிட்டு 'செய்து வருகிறேன்' என்று வைத்துப் பாருங்கள். பொருள் மாறாமல் பொருந்தினால் ஹேவ் பீன் போடலாம். நீளம் குறிப்பிடாத இடத்துக்கு இந்தச் சோதனையைக் கொண்டுபோகக் கூடாது. 'அவர் வெளியூரில் வசித்து வருகிறார்' என்று செய்தித்தாள் எழுதுவது, வெறுமனே 'வசிக்கிறார்' என்பதன் அலங்காரம். அங்கே 'லிவ்ஸ்' போதும்.

இதே ஸ்லைடில் அடங்காத ஒரு கிளை உண்டு. அதற்குத் தனி ஸ்லைடு கொடுக்கலாம் என்பது என் கருத்து.

```
✗ I am knowing him since three years.
✗ I know him for three years.
✓ I have known him for three years.
```

'மூன்று வருடமாக அவரைத் தெரியும்'. தெரிவது, பிடிப்பது, நம்புவது, சொந்தமாக வைத்திருப்பது போன்றவை செயல்கள் அல்ல, நிலைகள். அவற்றுக்கு 'பீன்' சேர்ந்த 'இங்' வடிவம் ஒட்டாது. இதற்குத் தமிழ்ச் சோதனை ஒன்றும் இருக்கிறது, ஆனால் முழுக்க நம்ப முடியாதது. 'தெரிந்துகொண்டிருக்கிறேன்' என்று 'தெரியும்' என்ற பொருளில் நாம் சொல்வதில்லை. அதனால் 'கொண்டிருக்கிறேன்' சேர்த்தால் வாக்கியம் செயற்கையாக ஒலிக்கும் வினைக்கு 'இங்' வேண்டாம் என்று சொல்லலாம். தெரிவதற்கும் பிடிப்பதற்கும் இது சரியாக வரும். 'நம்பிக்கொண்டிருக்கிறேன்' என்று தாராளமாகச் சொல்கிறோம், அங்கே சோதனை தோற்றுவிடும். எனவே ஸ்லைடில் சோதனையைப் போடாமல், அடிக்கடி வரும் நான்கைந்து வினைகளை மட்டும் காட்டிவிடுங்கள்.

அடுத்து நேற்றைய விஷயம். அலுவலக மின்னஞ்சலில் நான் அதிகம் திருத்துவது இதைத்தான்.

```
✗ I have sent the file yesterday.
✗ I had sent the file yesterday.
✓ I sent the file yesterday.
```

பிழை இரண்டு. மூலம் ஒன்றே: தமிழில் 'இரு' என்ற துணைவினை தாராளமாக ஒட்டிக்கொள்வது. 'நேற்றே அனுப்பியிருக்கிறேன்' என்கிறோம், 'நேற்று அனுப்பியிருந்தேன்' என்கிறோம், வெறுமனே 'நேற்று அனுப்பினேன்' என்றும் சொல்கிறோம். மூன்றும் நல்ல தமிழ். முதலாவதில் 'போய்ப் பாருங்கள், இருக்கும்' என்ற தொனி. இரண்டாவதில் 'அனுப்பினேனே, நீங்கள் கவனிக்கவில்லையா' என்ற மெல்லிய தொனி, சில நேரம் மரியாதைக்காகவும் வருவது. அந்தத் தொனியை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக நினைக்கும்போது ஹேவும் ஹேடும் கைக்கு வருகின்றன. ஆங்கிலத்தில் அவற்றுக்கு அந்த வேலை கிடையாது. ஹேவ் வந்தால் 'எப்போது' என்பது சொல்லப்படாமல் இருக்க வேண்டும். 'நேற்று', 'போன வாரம்', 'மூன்று மணிக்கு', '2019இல்' என்று முடிந்துபோன ஒரு நேரத்தைச் சொல்லிவிட்டால் ஹேவ் விலக வேண்டும். ஹேட் வந்தால், கடந்த காலத்திலேயே இன்னொரு நிகழ்ச்சி பக்கத்தில் இருக்க வேண்டும், இது அதற்கு முந்தையதாக இருக்க வேண்டும்.

```
✓ I have sent the file.
✓ I had sent the file before you called.
```

இந்த இரண்டையும் ஸ்லைடில் கட்டாயம் சேருங்கள். இல்லையென்றால் என்ன நடக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பார்த்தவர்கள் ஹேவையும் ஹேடையும் அடியோடு கைவிட்டு, எல்லாவற்றையும் எளிய இறந்தகாலத்திலேயே எழுதத் தொடங்குவார்கள். தவறு, சரி என்று இரண்டு வரி மட்டும் போடும் வடிவத்தின் பெரிய குறையே இதுதான். ஒரு வடிவம் எங்கே தவறு என்று காட்டுகிறது, அதே வடிவம் எங்கே சரி என்று காட்டுவதில்லை. பாடம் சொல்லும் ஒவ்வொரு ஸ்லைடிலும் மூன்றாவதாக ஒரு வரிக்கு இடம் ஒதுக்குங்கள். மேலே தவறானது, நடுவில் திருத்தியது, கீழே அந்தத் தவறான வடிவம் சரியாக வரும் வேறொரு வாக்கியம். இதற்கு இடம் போதவில்லையென்றால் அலங்காரத்தைக் குறையுங்கள்.

ஹேட் பற்றி ஓர் எச்சரிக்கை. மின்னஞ்சல் வாக்கியத்தைத் தனியாகப் பிடுங்கி வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. 'ஐ ஹேட் டோல்டு யூ' என்று தொடங்கும் வாக்கியத்துக்கு முந்தைய வரியிலோ பிந்தைய வரியிலோ வேறொரு இறந்தகால நிகழ்ச்சி இருந்தால் அது சரியாகவே இருக்கலாம். எனவே தவறான வாக்கியத்தில் 'நேற்று' போன்ற நேரச் சொல் இருக்கட்டும், அதைச் சுற்றி வேறு நிகழ்ச்சி இல்லை என்பதும் தெளிவாக இருக்கட்டும். 'ஆல்ரெடி'யை வைத்து ஸ்லைடு செய்யாதீர்கள். 'ஐ ஹேவ் ஆல்ரெடி சென்ட்' என்பது பிரிட்டிஷ் பழக்கம். 'ஐ ஆல்ரெடி சென்ட்' என்று அமெரிக்கர்கள் சாதாரணமாகச் சொல்வார்கள். ஒன்றைத் தவறு என்று போட்டால், அங்கே படித்த யாராவது வந்து உங்களைத் திருத்துவார்.

காலத்தை விட்டு 'தி'க்கு வருவோம். ஆங்கிலத்தில் 'ஏ', 'தி' விடுபடுவதற்குக் காரணம் தமிழில் அவை இல்லாதது என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. 'தி' என்று தனிச்சொல் இல்லை. ஆனால் குறிப்பிட்ட ஒன்றா, ஏதோ ஒன்றா என்ற வேறுபாட்டை நாம் காட்டாமல் இல்லை. 'கடிதம் அனுப்பினேன்' என்பதற்கும் 'கடிதத்தை அனுப்பினேன்' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். முதலாவதைக் கேட்பவர் 'என்ன கடிதம்?' என்று கேட்கலாம். இரண்டாவதைக் கேட்பவருக்கு எந்தக் கடிதம் என்று முன்பே தெரியும். அந்த 'ஐ' செய்யும் வேலையைத்தான் ஆங்கிலத்தில் 'தி' செய்கிறது.

```
கடிதம் அனுப்பினேன்     →  I sent a letter.
கடிதத்தை அனுப்பினேன்  →  I sent the letter.
```

வகுப்பில் இதைச் சொன்னால் முகங்கள் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அதுவரை 'தி' என்பது காதுக்கு நன்றாக இருந்தால் போடுவது என்று நினைத்திருப்பார்கள். ஆனால் இதை விதி என்று எழுதாதீர்கள், துப்பு என்று எழுதுங்கள். உயிரற்ற பொருள் செயப்படுபொருளாக வரும்போது மட்டுமே இது கை கொடுக்கும். மனிதர்களுக்கு 'ஐ' அநேகமாக எப்போதும் வரும்: 'ஒரு டாக்டரைப் பார்த்தேன்' என்பதில் 'ஐ' இருந்தாலும் அவர் ஏதோ ஒரு டாக்டர்தான், 'ஏ டாக்டர்' என்றே எழுத வேண்டும். எழுவாய்க்கோ உருபே கிடையாது. 'கடிதம் வந்தது' என்றால் ஏதோ ஒரு கடிதமாகவும் இருக்கலாம், நாம் எதிர்பார்த்த கடிதமாகவும் இருக்கலாம். அங்கே, படிப்பவருக்கு எது என்று தெரியுமா என்று தன்னையே கேட்டுக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. எது என்று தெரிந்தால் 'தி'. இன்னொரு தடுமாற்றமும் உண்டு. ஒரு முறை 'தி' விட்டுப்போனதற்காகத் திட்டு வாங்கியவர்கள் அதன்பின் எல்லாவற்றுக்கும் போட ஆரம்பிக்கிறார்கள், 'தி லைஃப் இஸ் ஹார்ட்' என்பது போல. பொதுவாக வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போது 'தி' வேண்டாம். மூன்றாவது வரிக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

'தான்' பற்றிய ஸ்லைடு ஒன்று நிச்சயம் இருக்கட்டும். எல்லோரும் சிரித்துக்கொண்டே பகிர்வது இதுவாகத்தான் இருக்கும்.

```
நேற்றுதான் வந்தேன்
✗ I came yesterday only.
✓ I came only yesterday.

அவரிடம்தான் சொன்னேன்
✗ I told him only.
✓ He is the one I told.
```

முதலாவதில் சொல்லின் இடம் மட்டும் மாறுகிறது. அழுத்தம் விழ வேண்டிய சொல்லுக்கு முன்னால் 'ஒன்லி' போகிறது. இரண்டாவது அப்படியல்ல. 'அவரிடம்தான் சொன்னேன்' என்று நாம் சொல்வது பல நேரம் 'வேறு யாரிடமும் இல்லை' என்ற பொருளில் அல்ல. 'நீங்கள் நினைப்பதுபோல் சொல்லாமல் விடவில்லை, அவரிடமே சொல்லியாகிவிட்டது' என்ற பொருளில். 'ஒன்லி' என்று எழுதினால் ஆங்கிலம் படிப்பவர் முதல் பொருளை எடுத்துக்கொள்வார். ரகசியம் எதுவும் இல்லாத இடத்தில் ரகசியம் நுழைந்துவிடும். நமது 'தான்' அழுத்தம் கொடுக்கிறது. ஆங்கிலம் எழுத்தில் அதே அழுத்தத்தை வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுக் கொடுக்கிறது. 'இங்கேயே', 'இன்றைக்கே' என்பவை 'ஹியர் இட்செல்ஃப்', 'டுடே இட்செல்ஃப்' ஆவதும் இதே கதை. 'ரைட் ஹியர்' என்றும், வெறுமனே 'டுடே' என்றும் மாற்றிவிடலாம். ஆனால் பேச்சில் இவற்றைப் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். இந்தியாவுக்குள் இரண்டு பேர் பேசிக்கொள்ளும்போது 'டுடே இட்செல்ஃப்' யாருக்கும் புரியாமல் போவதில்லை. எழுத்தில், அதுவும் வெளியே போகும் எழுத்தில் தவிர்க்கலாம் என்றுதான் சொல்வேன். ஸ்லைடிலும் 'தவறு' என்பதற்குப் பதில் 'எழுத்தில் தவிர்க்கலாம்' என்று போடுங்கள்.

கேள்விக்குள் கேள்வி வைப்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 'எப்போது வரும் என்று தெரியவில்லை' என்பதில் 'எப்போது வரும்' என்ற கேள்வி ஓர் எழுத்துகூட மாறாமல் உள்ளே உட்காருகிறது. 'என்று' வந்து அதை மூடுகிறது. ஆங்கிலத்தில் கேள்வி தனியே நின்றால் 'வென் வில் இட் கம்'. இன்னொரு வாக்கியத்துக்குள் போனால் 'வென் இட் வில் கம்'. பள்ளியில் கேள்வி அமைப்பை நன்றாக மனப்பாடம் செய்தவர்களிடம்தான் இந்தப் பிழை அதிகம். கேள்விக்குறி இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்று சில இடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். போதாது. 'குட் யூ டெல் மீ' என்று தொடங்கும் வாக்கியத்தின் முடிவில் கேள்விக்குறி வரும், ஆனாலும் உள்ளே இருப்பது திரும்பக் கூடாது. அதைவிட, தமிழில் 'என்று' வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பன்மைக்கும் ஒரு ஸ்லைடு போதும். 'தகவல்கள்', 'ஆலோசனைகள்', 'கருவிகள்' என்று தமிழில் தடையில்லாமல் 'கள்' சேர்வதால்தான் 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'அட்வைசஸ்', 'எக்விப்மென்ட்ஸ்' வருகின்றன. இவற்றுக்கு 'எஸ்' கிடையாது. எண்ணிச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் 'பீஸ் ஆஃப்' சேர்க்க வேண்டும். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

விட வேண்டியவை எவை? முன்னிடைச்சொற்களை விட்டுவிடுங்கள். 'இல்' என்ற ஒரே உருபு ஆங்கிலத்தில் 'இன்', 'ஆன்', 'அட்' என்று மூன்றாகப் பிரிவதால் தமிழர்களுக்கு அவை சிரமம்தான். ஆனால் எந்தச் சொல்லோடு எது சேரும் என்பதற்கு ஒரு ஸ்லைடுக்குள் அடங்கும் விதி கிடையாது. படித்துப் படித்துத்தான் வர வேண்டும். ஆரம்பத்தில் சொன்ன இந்திய ஆங்கிலச் சொற்களையும் விடுங்கள். 'ப்ரீபோன்' ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இடம்பெற்ற சொல். 'டூ தி நீட்ஃபுல்' பழைய பிரிட்டிஷ் அலுவலகங்களில் எழுதப்பட்டதுதான். இன்று அங்கே வழக்கொழிந்துவிட்டது, இங்கே தங்கிவிட்டது. பழமையான நடை என்று சொல்லலாம், பிழை என்று சொல்ல முடியாது. 'டிஸ்கஸ் அபவுட்' இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பதிப்பாசிரியனாக அதில் 'அபவுட்'டை நான் வெட்டுவேன். ஆனால் உலகின் பல பகுதிகளில் ஆங்கிலம் பேசுகிறவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள் என்பதால், தமிழர் பிழை என்ற தலைப்பில் அதை வைக்க மாட்டேன்.

வடிவம் பற்றி இரண்டே விஷயம். ஸ்லைடுகளை வரிசையாகப் பார்ப்பார்கள் என்று நம்ப வேண்டாம். யாராவது ஒன்றை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவார். அதனால் 'முந்தைய ஸ்லைடில் பார்த்தபடி' என்ற பேச்சே கூடாது. அதேபோல் சிவப்பு என்றால் தவறு, பச்சை என்றால் சரி என்று நிறத்தை மட்டும் நம்பி விடாதீர்கள். இரண்டு நிறமும் பிரித்துத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். குறுக்குக் கோடு போட்டாலும் திரையைப் படித்துக்காட்டும் மென்பொருள் பெரும்பாலும் அதைச் சொல்வதில்லை. 'தவறு', 'சரி' என்று எழுத்திலேயே போட்டுவிடுங்கள். திருத்திய வாக்கியம் மற்றதைவிடப் பெரிய எழுத்தில் இருக்கட்டும். இரண்டு நொடி மட்டும் பார்த்துவிட்டுத் தள்ளிவிடுபவர் மனதில் தங்குவது அதுவாக இருக்க வேண்டும்.

எண்ணிப் பார்த்தால் காலத்துக்கு நான்கு, 'தி'க்கு ஒன்று, 'தான்', 'என்று', 'கள்' என்று மூன்று, ஆக எட்டு ஸ்லைடு ஆகிறது. தலைப்புக்கு ஒன்று போக, கடைசி ஒன்றில் புதிய பாடம் வேண்டாம். திருத்தாத ஒரு சிறு மின்னஞ்சலை வையுங்கள், இப்படி:

```
Dear Sir,
I am working on this project since March.
I have sent report yesterday.
I don't know when will the client reply.
Kindly check and confirm.
```

விடையை அதே ஸ்லைடில் போடாமல் கேப்ஷனில் போடுங்கள்.

```
Dear Sir,
I have been working on this project since March.
I sent the report yesterday.
I don't know when the client will reply.
Kindly check and confirm.
```

இதில் இரண்டு பொறி வைத்திருக்கிறேன். முதல் வரியில் சின்ஸ் சரியாகவே இருக்கிறது. மார்ச் என்பது புள்ளி, நீளம் அல்ல. வினை மட்டும்தான் மாற வேண்டும். சின்ஸைப் பார்த்ததும் ஃபார் என்று மாற்றுகிறவர் முதல் ஸ்லைடைப் பாதிதான் படித்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். இரண்டாவது பொறி கடைசி வரி. 'கைன்ட்லி'யைத் தவறு என்று அடித்துவிட்டு 'ப்ளீஸ்' என்று எழுதிச் சிலர் அனுப்புவார்கள். இலக்கணப்படி அதில் குறை எதுவும் இல்லை. கொஞ்சம் விறைப்பான, பழைய மரியாதை, அவ்வளவே. அதைத் தொடாமல் விட்டதற்கான காரணத்தையும் கேப்ஷனில் ஒரு வரி எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த ஒரு சொல்லைப் பற்றிய கேள்விகளுக்கே பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.